பழைய காதலை எப்போ சொல்லணும், எவ்வளவு சொல்லணும்?

கேள்வி: "வயசு 28, சென்னையில ஐடி வேலை. காலேஜ்ல ஆரம்பிச்சு நாலு வருஷம் ஒருத்தரை லவ் பண்ணேன், பிரிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சு. இப்ப மேட்ரிமோனி மூலமா ஒரு வரன், வீட்ல சொல்லிட்டு ரெண்டு தடவை காபி ஷாப்ல பாத்துப் பேசினோம். 'பாஸ்ட் ஏதாவது இருக்கா'ன்னு கேட்டார், 'பெருசா ஒண்ணும் இல்ல'ன்னு சொல்லிட்டேன். அடுத்த மாசம் பூ வைக்கலாம்னு பேச்சு. தரகர் அக்கா வாயே திறக்காதங்கறாங்க. எப்போ, எவ்வளவு சொல்றது?"

அடுத்த சந்திப்புல சொல்லிடுங்கம்மா. பூ வைக்கிறதுக்கு முன்னாடி, மண்டபத்துக்கு அட்வான்ஸ் கட்டுறதுக்கு முன்னாடி. அதுக்கு அப்புறம் சொன்னா, பிடிக்கலன்னாலும் அவரால வேணாம்னு சொல்ல முடியாது, சொந்தக்காரங்க, பணம், பத்திரிகைன்னு எல்லாம் மேல வந்து உக்காந்திருக்கும். வாயால சரின்னுட்டு மனசுல வச்சிருந்து கல்யாணத்துக்கு அப்புறம் குத்திக் காட்டுறவங்களைத்தான் நான் கவுன்சலிங்ல அதிகம் பாக்குறேன். முதல் ரெண்டு சந்திப்புல சொல்லாததுல தப்பில்ல. அவர் யாரு, கேட்டதை யார்கிட்ட போய் சொல்வாருன்னே அப்ப உங்களுக்குத் தெரியாது.

எவ்வளவுன்னா, அவர் முடிவெடுக்க எது தேவையோ அவ்வளவு. இருந்துச்சு, இத்தனை வருஷம், இப்ப முடிஞ்சு ரெண்டு வருஷம், இப்ப பேச்சு இருக்கா இல்லையா. இதோட நாளைக்கு உங்க வீட்டு வாசல்ல வந்து நிக்கக்கூடிய விஷயம் ஏதாவது இருந்தா அதையும் சொல்லணும், அதாவது அந்த ஆள் உங்க ஆபீஸ்லயே இருக்கார், ரெண்டு பேருக்கும் பொதுவான ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்க, பணம் கொடுக்கல் வாங்கல் பாக்கி இருக்குன்னா அது. பேரு வேணாம், போட்டோ வேணாம், எங்கெங்க போனோம், எவ்வளவு நெருக்கம், அவன் நல்லவனா கெட்டவனா எதுவும் வேணாம். ஒரு பேரும் முகமும் கிடைச்சா அன்னிக்கு ராத்திரியே இன்ஸ்டாவுல தேடுவாங்க, தேடிப் பாத்த முகம் அப்புறம் மனசை விட்டு லேசுல போகாது.

நீங்க ஏற்கனவே "ஒண்ணும் இல்ல"ன்னு சொல்லியிருக்கறதால அதைத்தான் முதல்ல சரி பண்ணணும். இப்படிப் பேசலாம்: "அன்னிக்கு நீங்க கேட்டப்ப உங்களை எனக்கு அவ்வளவா தெரியாது, அதனால மழுப்பிட்டேன். நாலு வருஷம் ஒரு ரிலேஷன்ஷிப் இருந்துச்சு, முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சு, இப்ப பேச்சு இல்ல. நாம மேல போறதுக்கு முன்னாடி நீங்க தெரிஞ்சுக்கணும்னு சொல்றேன். உங்களுக்கு அப்படி ஏதாவது இருந்துச்சா?" அந்தக் கடைசிக் கேள்வியை விட்டுடாதீங்க, பொண்ணு மட்டும் கூண்டுல நின்னு பதில் சொல்ற மாதிரி ஆக்கிடக்கூடாது.

இதை நேர்ல மட்டும்தான் சொல்லணும். என்கிட்ட வந்த ஒரு ஜோடி, பொண்ணு ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸாப்ல ஆரம்பிச்சு ரெண்டு மணி வரைக்கும் எல்லாத்தையும் டைப் பண்ணிடுச்சு, பையன் கேக்க கேக்க இன்னும் இன்னும்னு. பையன் கெட்டவன் இல்ல, குழப்பத்துல ஸ்க்ரீன்ஷாட் எடுத்து தன் அக்காவுக்கு அனுப்பினான், அக்கா அம்மாவுக்கு, ரெண்டு நாள்ல ஃபேமிலி குரூப்ல பெரியப்பா படிக்கிறார். நேர்ல பத்து நிமிஷம் பேசியிருந்தா அவனுக்கு முகத்தைப் பாத்து கேக்க வேண்டியதைக் கேட்டு முடிஞ்சிருக்கும்.

அவர் மேற்கொண்டு கேள்வி கேப்பார், அது இயல்பு. "ஏன் பிரிஞ்சீங்க"ன்னா ரெண்டு வரில சொல்லுங்க. "எவ்வளவு தூரம் போச்சு"ன்னா, "அது என்னோட தனிப்பட்ட விஷயம், அதை நான் யார்கிட்டயும் பேசப்போறதில்ல"ன்னு கோபப்படாம சொல்லுங்க. அதோட விட்டுட்டா நல்லது. அதே கேள்வியை வேற வேற மாதிரி நாலு நாளைக்குத் திருப்பித் திருப்பிக் கேட்டா, போனைக் காட்டு, பாஸ்வேர்டு கொடுன்னு ஆரம்பிச்சா, கல்யாணத்துக்கு அப்புறமும் அதுதான் நடக்கும், அந்த இடத்தை விட்டுடுங்க.

தரகர் அக்கா சொல்றதை இதுல கேக்காதீங்க. அவங்களுக்குக் கமிஷன் சம்பந்தம் முடிஞ்சா வருது, ஆறு மாசம் கழிச்சு நீங்க அழுதா அவங்க போனை எடுக்கப் போறதில்ல. இதே ஆளுங்க மாப்பிள்ளை வீட்டுக்கு டிடெக்டிவ் ஏஜென்சி நம்பரும் கொடுப்பாங்க. அந்த ஏஜென்சிங்க என்ன பண்றாங்கன்னா உங்க பழைய ஹாஸ்டல், ரூம் மேட், ஆபீஸ் ரிசப்ஷன்னு விசாரிச்சு காது கேட்டதையெல்லாம் ரிப்போர்ட்னு போட்டுத் தர்றாங்க, நாலு வருஷ காதல் அதுல லிவ்-இன்னு வந்து நிக்கும். அவர் உங்க வாயால முன்னாடியே கேட்டிருந்தா அந்த ரிப்போர்ட்டுக்கு மதிப்பே கிடையாது.

ஒரே ஒரு விஷயத்துல மட்டும் "தேவையானதைச் சொன்னா போதும்"ங்கற பேச்சே கிடையாது, அதை முழுசா சொல்லியே ஆகணும். நீங்க எழுதல, ஆனா இப்படி எழுதறவங்கள்ல பல பேர் இதை விட்டுடறாங்க, அதனால கேக்குறேன். அந்த நாலு வருஷத்துல வீட்டுக்குத் தெரியாம ரிஜிஸ்டர் பண்ணீங்களா? கோயில்ல தாலி கட்டினாரா? ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி மாலை மாத்துனீங்களா? "சும்மா ஒரு சேஃப்டிக்கு பண்ணோம், ஒரு நாள் கூட சேந்து வாழல"ன்னு சொல்லுவாங்க. சேந்து வாழாததால கல்யாணம் இல்லன்னு ஆயிடாது. தமிழ்நாட்டுல இந்து திருமணச் சட்டத்துல 1967ல சேத்த 7ஏ பிரிவு இருக்கு, உறவினர் நண்பர் முன்னாடி மாலை மாத்தினாலோ மோதிரம் போட்டாலோ தாலி கட்டினாலோ அது கல்யாணம்தான், புரோகிதர் கூட வேணாம். அதுக்கு ஊரைக் கூட்டணும்னு இல்லைன்னு 2023ல சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிடுச்சு. சடங்கே நடக்காம சர்டிஃபிகேட் மட்டும் வாங்கினா அது இந்துக் கல்யாணம் ஆகாதுன்னு 2024ல ஒரு தீர்ப்பு வந்துச்சு, அதைக் காட்டி "அப்ப எனக்கு ஒண்ணுமில்ல"ன்னு நீங்களா முடிவு பண்ணக்கூடாது, செல்லாதுன்னு கோர்ட்தான் சொல்லணும். முதல் கல்யாணம் உயிரோட இருக்கும்போது பண்ற ரெண்டாவது செல்லாது, மறைச்சுப் பண்ணினா பத்து வருஷம் வரைக்கும் ஜெயில் தண்டனை இருக்கு. இப்படி ஏதாவது இருந்தா மாப்பிள்ளைகிட்ட சொல்றதுக்கு முன்னாடியே ஒரு குடும்பநல வக்கீலைப் பாருங்க, பூ வைக்கிறதை நிறுத்தி வைங்க. பரஸ்பர சம்மத விவாகரத்துன்னாலும் ஒரு வருஷம் பிரிஞ்சிருக்கணும், மனு போட்டு ஆறு மாசம் காத்திருக்கணும், அந்த ஆறு மாசத்தைத் தள்ளுபடி பண்ணலாம்னு 2017லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியும் எத்தனையோ கோர்ட்ல வாய்தா வாய்தாவா இழுக்கறாங்க. ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு வந்து நிக்கறப்ப எதுக்கு இந்த இழுவை? அதுக்குப் பயந்தே பிள்ளைங்க மறைக்கப் பாக்குதுங்க.

பழைய ஆள் போட்டோவை வச்சு மிரட்டினா மாப்பிள்ளைகிட்ட ஒளிக்காதீங்க, பணமும் கொடுக்காதீங்க, மெசேஜை அழிக்காம வச்சுக்கிட்டு 1930க்குப் போன் பண்ணுங்க, இல்லன்னா cybercrime.gov.in ல புகார் கொடுங்க.

இனி நீங்க சொன்னதும் அவர் அமைதியாயிட்டா பயப்படாதீங்க, "ஒரு வாரம் யோசிங்க, என்ன முடிவுன்னாலும் எனக்கே நேரா சொல்லுங்க, வீட்டுக்கு என்ன காரணம் சொல்றதுன்னு பேசி வச்சுப்போம்"னு சொல்லுங்க. அந்த ஒரு வாரம் அம்மாகிட்ட "ஆபீஸ்ல ரிலீஸ் இருக்கு, தேதி அப்புறம் பாக்கலாம்"னு சொல்லி மண்டப அட்வான்ஸை நிறுத்தி வைங்க.