கடைச் சரக்கு கேள்வி-பதில்: மீன்பிடித் தடைக்காலத்தில் கயிறு தீர்ந்துபோவது ஏன்?

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே சிக்கலைச் சுற்றியே இருக்கின்றன. வருடக் கணக்கை வைத்துச் சூத்திரம் போட்டால் விடை வருகிறது. சீசன் வந்ததும் அந்த விடை கைவிட்டுவிடுகிறது. முதல் கேள்வியில் எண்கள் தெளிவாக இருந்ததால் அதையே விரிவாக எடுத்துக்கொள்கிறோம்.

மண்டபத்தில் வலைக்கடை வைத்திருக்கிறேன். நைலான் கயிறு வருடத்துக்கு 720 சுருள் விற்கிறது. சுருள் கொள்முதல் விலை 1,800 ரூபாய், லாபம் 200. மதுரையிலிருந்து ஒருமுறை சரக்கு எடுத்தால் லாரி வாடகை, இறக்குகூலி எல்லாம் சேர்த்து 600. ஒருமுறைக்கு எவ்வளவு எடுத்தால் செலவு குறைவு என்று சொல்லும் இ.ஓ.கியூ. சூத்திரம் போட்டால் 49 சுருள் வருகிறது. 18 சுருள் மிஞ்சும்போது ஆர்டர் போடுகிறேன், 6 நாளில் வந்துவிடும். ஆனாலும் மே மாதம் கடையில் கயிறு இருப்பதில்லை. கணக்கு தப்பா?

கணக்கு சரி. வருடம் முழுக்க ஒரே சீராக விற்கும் கடைக்கு அது பொருந்தும். உங்கள் கடை அப்படி விற்பதில்லை.

முதலில் நீங்கள் போட்ட கணக்கைப் பார்ப்போம். சூத்திரம் இது:

```
Q = √(2 × D × S / H)
```

Q ஒருமுறை எடுக்க வேண்டிய அளவு, D விற்பனை, S ஒருமுறை ஆர்டர் போட ஆகும் செலவு, H ஒரு சுருளை வைத்திருக்க ஆகும் செலவு. வட்டி, கிட்டங்கி வாடகை, எலிச் சேதம் சேர்த்து விலையில் 20 சதவீதம் என்று எடுத்தால் H வருடத்துக்கு 360 ரூபாய், மாதத்துக்கு 30 ரூபாய். 49 சுருள் சரியாகவே வருகிறது.

நீங்கள் அனுப்பிய விற்பனைக் கணக்கைப் பிரித்தால் வேறு படம் தெரிகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையேறிப் பழுதுபார்க்கப்படும்போது மாதம் 150 சுருள் போகிறது. ஜூன் 15 முதல் செப்டம்பர் முடிய மாதம் 60. அக்டோபர் முதல் அடுத்த ஏப்ரல் பாதி வரை மாதம் 32. மாத விற்பனையையும் 30 ரூபாயையும் வைத்து மூன்று பருவத்துக்கும் தனித்தனியாகப் போட்டால் 77, 49, 36 சுருள் என்று வரும். மழைக்காலத்தைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு விற்றாலும் ஆர்டர் அளவு இரண்டு மடங்குக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். வர்க்கமூலம் அப்படித்தான் வேலை செய்யும்.

இப்போது முக்கியமான இடம். தடைக்காலத்தில் 77-க்குப் பதில் 49 எடுத்ததால் உங்களுக்கு எவ்வளவு நட்டம்? 49 எடுத்தால் ஆர்டர் செலவும் வைப்புச் செலவும் சேர்த்து மாதம் 2,572 ரூபாய். 77 எடுத்தால் 2,324. வித்தியாசம் 248 ரூபாய்தான். ஆர்டர் அளவில் கொஞ்சம் முன்பின் ஆனால் பெரிய இழப்பில்லை.

அடி விழுவது 18 என்ற அந்த மறு ஆர்டர் மட்டத்தில். வருடச் சராசரி நாளுக்கு 2 சுருள், 6 நாளுக்கு 12, கையிருப்புக்காக 6 என்று போட்டிருக்கிறீர்கள். தடைக்காலத்தில் நாளுக்கு 5 போகிறது. 18 சுருள் மூன்றரை நாளில் தீர்ந்துவிடும். லாரி ஆறாம் நாள்தான் வரும். நடுவில் ஏறக்குறைய இரண்டரை நாள் கடை காலி, 12 சுருள் விற்பனை போச்சு, 2,400 ரூபாய் லாபம் போச்சு. 61 நாளில் இது ஐந்து முறை நடக்கும்: 12,000 ரூபாய். கயிறு வாங்க வந்தவர் இரும்புக் கொளுத்து, மிதவை, நூல் எல்லாவற்றையும் அடுத்த கடையில் வாங்கிக்கொண்டு போவது இதில் சேரவில்லை.

ஆகவே 49-ஐத் திருத்துவது பிறகு. முதலில் 18-ஐ மாற்றுங்கள்.

அதற்குப் பாதுகாப்பு இருப்பைக் கூட்டினால் போதாதா? 12 மாத விற்பனை சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று சொல்லும் திட்ட விலக்கத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன், 31 சுருள் வந்தது. வருடம் முழுக்க அதை வைத்துக்கொள்ளலாமா? (தொண்டி)

வேண்டாம். இந்தத் தவறு பலரிடம் இருக்கிறது. ஏப்ரல் 15-க்குத் தடை வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தெரிந்த ஏற்ற இறக்கத்துக்குப் பாதுகாப்பு இருப்பு தேவையில்லை. அதை நாள் விற்பனைக் கணக்கிலேயே சேர்த்துவிட வேண்டும். எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டுமே பாதுகாப்பு இருப்பு. 12 மாத எண்களின் விலக்கத்தை எடுத்தால் சீசனையே நிச்சயமின்மை என்று எண்ணிவிடுகிறீர்கள்.

போன வருடத் தடைக்கால பில் புத்தகத்தை எடுத்து, 30 நாள் விற்பனையை எக்செலில் ஒரு நெடுவரிசையில் எழுதி விலக்கத்தைப் பாருங்கள்:

```
=STDEV.S(B2:B31)
```

மண்டபம் கடையையே எடுத்துக்கொள்வோம். தடைக்காலத்தில் நாள் விலக்கம் 3 சுருள் என்று வைப்போம். ஒரு படகுக்காரர் வந்தால் நாலைந்து சுருளாகத்தான் எடுப்பார், அதனால் இந்த அளவு வரும். லாரி ஒரு நாள் முன்பின் ஆகலாம். 20 முறையில் 19 முறை சரக்கு தீராமல் இருக்க வேண்டுமென்றால் பெருக்கெண் 1.65.

```
1.65 × √(6 × 3² + 5² × 1²) = 1.65 × √79 ≈ 15
```

6 நாள் விற்பனை 30, பாதுகாப்பு 15, ஆக மறு ஆர்டர் மட்டம் 45. மழைக்காலத்தில் நாளுக்கு ஒரு சுருள், விலக்கமும் ஒன்று, லாரி இரண்டு நாள் முன்பின் என்று போட்டால் பாதுகாப்பு 5, மட்டம் 11. நீங்கள் சொன்ன 31-ஐ இதோடு ஒப்பிடுங்கள்: தடைக்காலத்தில் இரண்டு மடங்கு, மழைக்காலத்தில் ஆறு மடங்கு. ஐப்பசி, கார்த்திகையில் 26 சுருளின் பணம் கிட்டங்கியில் சும்மா கிடக்கும்.

மட்டத்தை எந்தத் தேதியில் மாற்றுவது? ஏப்ரல் 15-ஆ? (கீழக்கரை)

அன்றைக்கு மாற்றினால் தாமதம். மறு ஆர்டர் மட்டம் இன்றைய விற்பனையைப் பார்ப்பதில்லை, இன்று ஆர்டர் போட்டால் சரக்கு வந்து சேரும் வரையிலான நாட்களைப் பார்க்கிறது. ஏப்ரல் 12 அன்று அடுத்த ஆறு நாளில் மூன்று நாள் ஒவ்வொரு சுருள், மூன்று நாள் ஐந்தைந்து சுருள்: மொத்தம் 18, அதோடு பாதுகாப்பு இருப்பு. ஆகவே ஏப்ரல் 9, 10-லிருந்தே மட்டம் ஏறத் தொடங்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தடை கிழக்குக் கடற்கரை முழுவதுக்கும் ஒரே தேதியில் வருகிறது. கடற்கரை நெடுக உள்ள கடைகள் எல்லாம் அதே வாரம்தான் மொத்த வியாபாரியிடம் ஆர்டர் போடும். மார்ச்சில் 6 நாளில் வந்த சரக்கு மே மாதம் 9 நாள் எடுக்கலாம். அப்படியானால் 45 என்ற மட்டம் 62 ஆகிவிடும். ஆர்டர் போட்ட தேதியையும் சரக்கு இறங்கிய தேதியையும் பில்லின் பின்புறம் குறித்து வையுங்கள். சீசனில் சரக்கு வந்து சேர ஆகும் நாட்களை, அதாவது லீட் டைமை, தனியாகக் கணக்கிட அது போதும். மட்டத்தோடு ஒப்பிடும்போது கடையில் இருப்பதோடு வழியில் இருக்கும் சரக்கையும் சேர்த்து எண்ண வேண்டும். இல்லாவிட்டால் பயத்தில் ஒரே ஆர்டரை இரண்டு தடவை போட்டுவிடுவோம்.

சீசன் இறங்கும் பக்கம்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். ஜூன் 3-ஆம் தேதி 45 சுருள் இருக்கிறது, மட்டம் தொட்டுவிட்டது. வழக்கம்போல் 77 போடாதீர்கள். ஜூன் 14 வரை 12 நாளுக்கு 60 சுருள், அதன்பிறகு தொடரும் பருவத்துக்கு 20 சுருள் மட்டம்: ஆக 80 வேண்டும், 45 இருக்கிறது, ஆர்டர் 35 போதும். கயிறு மிஞ்சினாலும் ஆடியில் விற்றுவிடும். ஆனால் படகுக்கு அடிக்கும் பெயிண்ட் மிஞ்சினால் அடுத்த சித்திரை வரை டின்னில் அடி தங்கிக் கிடக்கும். அதற்கு இந்தக் கடைசி ஆர்டர் கணக்கு கட்டாயம்.

150 சுருள் மொத்தமாக எடுத்தால் சுருளுக்கு 40 ரூபாய் குறைத்துத் தருகிறார்கள். எடுக்கலாமா? (மண்டபம்)

எப்போது என்பதைப் பொறுத்தது. தடைக்காலத்தில் மாதம் 6,000 ரூபாய் மிச்சம், கூடுதல் செலவு 500-க்கும் குறைவு, தாராளமாக எடுங்கள். அக்டோபரில் 150 சுருள் தீர நாலரை மாதத்துக்கு மேல் ஆகும். அப்போது மாதம் 1,280 மிச்சமாகி, ஆர்டர் செலவும் வைப்புச் செலவும் சேர்ந்து 1,255 கூடும். கையில் 25 ரூபாய்தான் நிற்கும், 2,64,000 ரூபாய் முடங்கும். நகைக்கடன் வட்டியில் ஓடும் கடைக்கு அந்தத் தள்ளுபடி தள்ளுபடியே அல்ல.

ராமேஸ்வரத்தில் அக்னிதீர்த்தம் பக்கம் கடை. ஆடி அமாவாசைக்குத் துண்டும், பூ வைத்த பூஜைத் தட்டும் விற்கிறோம். ஒரே நாள் வியாபாரத்துக்கு மறு ஆர்டர் மட்டம் எப்படி?

இதற்கு மறு ஆர்டரே கிடையாது. ஒருமுறை வாங்குகிறீர்கள், அன்றோடு கூட்டம் கலைந்துவிடும். இங்கே இ.ஓ.கியூ.வை விட்டுவிட்டு இரண்டு எண்களைப் பாருங்கள்: ஒன்று குறைந்துபோனால் இழக்கும் லாபம், ஒன்று மிஞ்சிப்போனால் வரும் நட்டம்.

பூஜைத் தட்டு 40-க்கு வாங்கி 60-க்கு விற்றால் லாபம் 20. மிஞ்சினால் பூ வாடிவிடும், தேங்காய்க்கு 15 தேறும், நட்டம் 25. லாபத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் 20/45, அதாவது 0.44. பத்து வருடத்தில் நாலு வருடத்துக்குச் சற்று மேல் மட்டும் எல்லோருக்கும் போதுகிற அளவு வாங்கினால் சரி. அதாவது சராசரிக்குச் சற்றுக் கீழே. சராசரி 400, விலக்கம் 100 என்றால் ஏறத்தாழ 386.

துண்டு 100-க்கு வாங்கி 140-க்கு விற்றால் லாபம் 40. மிஞ்சினால் கெட்டுப்போகாது, தை அமாவாசை வரை ஆறு மாதம் வைத்திருக்க 10 ரூபாய்தான். 40/50, அதாவது 0.8. அதே 400 சராசரிக்கு 484 துண்டு வாங்க வேண்டும். நடுவில் மகாளய அமாவாசையும் வருவதால் இன்னும் கொஞ்சம் கூட்டினாலும் தவறில்லை. கூட்டம் ஒன்றுதான், கடையும் ஒன்றுதான். ஆனாலும் ஒன்றைக் குறைத்தும் ஒன்றைக் கூட்டியும் வாங்க வேண்டியிருக்கிறது.

மழைக்காலத்தில் புயல் அறிவித்தால் சரக்கு வருமோ என்ற பயத்தில் எல்லாவற்றையும் குவித்துவிடுகிறேன். (பாம்பன்)

எல்லாவற்றையும் குவிக்க வேண்டாம். லாரி தாமதமாகும் அதே நாட்களில் படகும் கடலுக்குப் போகாது, வலைநூல், தூண்டில் முள் விற்பனையும் படுத்துவிடும். இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டும். படகு கட்டும் தடித்த கயிறு மட்டும் விதிவிலக்கு. கூண்டு ஏற்றியதும் ஒருமுறை கேட்பார்கள், புயல் கடந்ததும் அறுந்ததற்குப் பதில் மறுபடி கேட்பார்கள். அந்த ஒரு தடிமனுக்கு மட்டும் அக்டோபர் தொடக்கத்திலேயே இரண்டு நாள் உச்ச விற்பனையளவு தனியாக எடுத்து வையுங்கள். அதை மட்டக் கணக்கில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் சாதாரண நாளிலேயே அது விற்றுப்போய்விடும்.