வாரம் ஒரு சாஷேயா, நாளுக்கு இரண்டு மாத்திரையா?

வெள்ளிக்கொலுசுப் பட்டறையில் நாள் முழுக்க உள்ளேயே வேலை. வைட்டமின் டி குறைவு என்று 60,000 யூனிட் சாஷே வாரம் ஒன்று எழுதித் தந்தார் டாக்டர். தினமும் போட்டால் சீக்கிரம் ஏறாதா?
– செவ்வாய்ப்பேட்டை வாசகர்

ஏறும். எங்கே நிற்கும் என்பதுதான் கேள்வி. உடம்பில் இருக்கும் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரத்தை அரை ஆயுள் என்கிறோம். ரத்தப் பரிசோதனையில் அளக்கும் வைட்டமின் டி வடிவத்துக்கு அது இரண்டு மூன்று வாரம். மூன்று வாரம் என்றே வைத்துக்கொள்வோம். இந்த ஞாயிறு போட்டதில் அடுத்த ஞாயிறும் ஏறக்குறைய 80 சதவீதம் மிச்சம் இருக்கும். அதன்மேல் அடுத்த சாஷே சேரும். வரவும் செலவும் சமமாகும்போது உடம்பில் சுமார் ஐந்து சாஷே அளவு நிற்கும். தினமும் போட்டால் இதே கணக்கில் முப்பதைத் தொடும். அப்போது ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர் எல்லாம் வரும். உடனே நிறுத்தினாலும் இறங்க வாரக்கணக்காகும். ஏறுவது மெதுவென்றால் இறங்குவதும் மெதுதான்.

இப்படிச் சமநிலைக்கு வர நான்கு அரை ஆயுள், அதாவது 12 வாரம் ஆகும். ஒரே மாதத்தில் டெஸ்ட் எடுத்துவிட்டு “மருந்து வேலை செய்யவில்லை” என்று முடிவு கட்ட வேண்டாம். ஒரு ஞாயிறு மறந்தால் நினைவு வந்த அன்று போடுங்கள். இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம். கொழுப்பில் கரைவது என்பதால் சாப்பாட்டுக்குப் பிறகு போடுவது நல்லது.

வைட்டமின் சி 1000 மி.கி. காலையில் ஒரே தடவை எடுக்கிறேன். போதுமா?
– ஏற்காடு வாசகி

இது நேர்மாறான சரக்கு. தேவைக்கு மேல் போனதைச் சிறுநீரகம் சில மணி நேரத்திலேயே வெளியே தள்ளிவிடும். குடலும் ஒரே மூச்சில் 1000 வந்தால் ஏறக்குறைய பாதியைத்தான் உள்ளே விடும். மிச்சம் சிலருக்கு வயிற்றுப்போக்காகலாம். டாக்டர் எடுக்கச் சொல்லியிருந்தால், 250 மி.கி. காலை ஒன்று, இரவு ஒன்று என்று பிரிப்பது மேல். சொல்லவில்லையென்றால் உங்கள் ஊர் ஆரஞ்சில் தினம் ஒன்றிரண்டே போதும்.

தொண்டைக்கு அதிமதுரப் பொடி தினமும் இரண்டு வேளை சாப்பிட்டேன். பிரஷர் ஏறியது. நிறுத்தி நான்கு நாளாகியும் குறையவில்லையே?
– அம்மாப்பேட்டை வாசகர்

மூலிகையில் அரை ஆயுளை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். அதிமதுரத்தின் இனிப்புச் சத்து குடலில் உருமாறி, பித்தத்தோடு மறுபடி குடலுக்கு வந்து சுற்றிக்கொண்டே இருக்கும். உடம்பில் சுரக்கும் கார்டிசோல் என்ற ஹார்மோனைச் செயலிழக்கச் செய்யும் நொதியை அது சிறுநீரகத்தில் தடுப்பதால், உப்பு தங்கும், பொட்டாசியம் வெளியேறும். சரக்கு ரத்தத்தைவிட்டுப் போன பிறகும் இந்த விளைவு ஓரிரு வாரம் நீடிக்கலாம். அதுவரை பிரஷரை அளந்து குறித்து வையுங்கள். கால் வீக்கம், தசை தளர்ச்சி, படபடப்பு இருந்தாலோ, நீர் பிரியும் மாத்திரை எடுத்தாலோ, காத்திருக்காமல் இன்றே டாக்டரிடம் காட்டிப் பொட்டாசியம் பாருங்கள்.