கண்ணாடிச் சீட்டில் ‘பிரிசம் 2 பி.ஓ.’: பயப்பட வேண்டியதா?

“எனக்கு 64 வயது. ஓராண்டாகத் தொலைவில் உள்ள விளக்குகள் இரண்டிரண்டாகத் தெரிகின்றன. படிக்கும்போது அப்படி இல்லை. புதிய கண்ணாடிச் சீட்டில் ஓ.டி., ஓ.எஸ். இரண்டுக்கும் பிரிசம் 2 பி.ஓ. என்று எழுதியிருக்கிறார்கள். ஆட் +2.25 இப்போது +2.50 ஆகிவிட்டது. ஓ.எஸ். எண் -0.75 இலிருந்து -1.00 ஆகியிருக்கிறது. இணையத்தில் தேடினால் மூளைக் கட்டி என்று வருகிறது. பிரிசம் இல்லாமல் கண்ணாடி செய்துகொள்ளலாமா?”

அந்தப் பிரிசம் எண் உங்கள் மூளையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. இரண்டு கண்களும் ஒரே பொருளின் மீது குவிய, ஒளியின் திசையை எவ்வளவு மாற்ற வேண்டும் என்பதை மட்டுமே அது சொல்கிறது. 1 பிரிசம் என்பது ஒரு மீட்டர் தொலைவில் ஒளியை ஒரு சென்டிமீட்டர் நகர்த்தும் அளவு. உங்களுக்கு மொத்தம் 4 தேவைப்பட்டிருக்கிறது. அதை ஒரே லென்ஸில் வைத்தால் அது தடித்துக் கனக்கும் என்பதால், வலது கண்ணான ஓ.டி.க்கு 2, இடது கண்ணான ஓ.எஸ்.க்கு 2 என்று பகிர்ந்திருக்கிறார்கள். இரண்டு கண்களும் பழுதாகிவிட்டன என்று பொருளில்லை.

பி.ஓ. என்றால் பிரிசத்தின் தடித்த பக்கம் மூக்கை விட்டு வெளிப்புறமாக இருக்க வேண்டும். கண்கள் சற்றே உள்நோக்கித் திரும்பியிருப்பவர்களுக்கு இப்படித் தருகிறோம். வயதாகும்போது கண்ணை வெளிப்புறம் இழுக்கும் தசையைத் தாங்கிப் பிடித்திருக்கும் திசுக்கள் தளர்வதால், அத்தசை சிறிது கீழே சரிகிறது. தொலைவில் பார்க்கும்போது கண்கள் இணையாக நிற்க வேண்டும். அந்த நிலைக்கு அவை முழுமையாக வர முடிவதில்லை. படிக்கும்போது கண்கள் இயல்பாகவே உள்நோக்கித் திரும்புவதால் தொல்லை தெரிவதில்லை. அறுபதைக் கடந்தவரிடம், மெல்ல மெல்லத் தொடங்கி, தொலைவில் மட்டும் தோன்றும் இரட்டைப் பார்வைக்கு இதுவே அடிக்கடி காரணம். நீங்கள் எழுதியிருப்பதும் இதனோடு பொருந்துகிறது.

அஞ்ச வேண்டியது வேறொன்று. ஒரு நாள் திடீரெனத் தொடங்கும் அல்லது திடீரெனக் கூடும் இரட்டைப் பார்வையை, கண்ணாடி எண் மாறியிருக்கும் என்று நினைத்துத் தள்ளிப்போடக் கூடாது. முதலில் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். எந்தக் கண்ணை மூடினாலும் இரட்டை மறைந்தால், கண்கள் ஒன்றோடொன்று இசையவில்லை என்று பொருள். பிறகு தலையை அசைக்காமல் வலப்புறமும் இடப்புறமும் பாருங்கள். ஒரு பக்கம் பார்க்கும்போது மட்டும் இரண்டு உருவங்களுக்கும் இடையிலான தூரம் பெரிதாக அகன்றால், கண்ணை அசைக்கும் நரம்பு ஒன்று செயலிழந்திருக்கலாம். இவ்வாறு திடீரென வந்த இரட்டைப் பார்வையோடு இமை தொங்குதல், ஒரு கண்மணி மட்டும் விரிதல், கடுந்தலைவலி, பேச்சுக் குழறல் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அந்த மணிநேரமே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். இவை எதுவும் இல்லாவிட்டாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஒரு கண்ணை மூடிய பிறகும் மற்றக் கண்ணில் உருவம் இரட்டையாகவே தெரிந்தால், அது பெரும்பாலும் கண்புரை, கண் வறட்சி போன்றவற்றால் வருவது. சாதாரணமாக நேரம் வாங்கிக்கொண்டு காட்டினால் போதும்.

மற்ற மாற்றங்களுக்காகக் கவலைப்படத் தேவையில்லை. ஓ.எஸ். எண்ணில் கால் அளவு கூடுவது அன்றாடம் காண்பது. ஆட் என்பது படிப்பதற்காகத் தூர எண்ணோடு கூட்டும் அளவு. வயதோடு அது கூடுவது இயல்பு. உங்கள் இடது கண்ணுக்கு -1.00 உடன் +2.50 ஐக் கூட்டினால், படிப்பதற்கு உண்மையில் வேண்டியது +1.50 தான். ஆட் எண்ணை மட்டும் பார்த்து, ஆயத்தமாக விற்கும் +2.50 கண்ணாடியை வாங்கி மாட்டினால் புத்தகத்தை மிக அருகில் பிடிக்க நேரும். இந்தச் சுயவைத்தியத்தை நான் அடிக்கடி கண்டித்திருக்கிறேன்.

பிரிசத்தை விட்டுவிட்டுச் செய்தால் காசு கொடுத்து வாங்கிய கண்ணாடியிலும் விளக்குகள் இரண்டாகவே தெரியும். வண்டி ஓட்டுபவராக இருந்தால் அது ஆபத்தும்கூட. செய்யும் இடத்தில் நேரக்கூடிய தவறு, பி.ஓ.வுக்குப் பதில் தடித்த பக்கம் மூக்கை நோக்கி அமையும் பி.ஐ.யாக வைத்துவிடுவது. அப்போது 4 அளவு விலகல் குறைவதற்கு மாறாக 8 ஆகிவிடும். ஆகவே புதிய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தொலைவிலுள்ள ஒரு விளக்கைப் பாருங்கள். இரண்டு உருவங்களும் நெருங்கியோ ஒன்றாகவோ தெரிந்தால் கண்ணாடி சரி. முன்னைவிட அகன்று தெரிந்தால் பழகிவிடும் என்று காத்திருக்காமல், வாங்கிய இடத்திலேயே லென்ஸ்மீட்டரில் வைத்து அளந்து சீட்டோடு ஒப்பிடச் சொல்லுங்கள். தரை சற்றே சாய்ந்தது போலவோ கோடுகள் வளைந்தது போலவோ முதல் சில நாட்கள் தோன்றுவது மட்டுமே பழகிப் போகும் விஷயம். பிரிசம் திசுக்களின் தளர்ச்சியைக் குணப்படுத்தாது என்பதால் சில ஆண்டுகளில் எண் மெல்லக் கூடலாம். ஆறு மாதம் கழித்து விலகலை மீண்டும் ஒருமுறை அளந்துகொள்ளுங்கள், அப்போது இந்தப் பழைய சீட்டையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.