“அது பொண்ணுங்க தம்ளர்!”

“என் மகனுக்கு ஐந்து வயது, மகளுக்கு இரண்டரை. ஆண், பெண் என்று பேதம் பார்க்காமல்தான் வளர்க்கிறோம். பொம்மைக்குச் சோறு ஊட்டி விளையாடிய அதே பையன், இப்போது பிங்க் தம்ளரில் பால் கொடுத்தால் ‘அது பொண்ணுங்க தம்ளர்’ என்று தள்ளிவிடுகிறான். துணி மடிக்கக் கூப்பிட்டால் ‘அது அம்மா வேலை’ என்கிறான். எங்கே தவறினோம்? பையனுக்குப் பொம்மை கொடுத்தால் ஒருமாதிரி ஆகிவிடுவான் என்று மாமியார் வேறு பயப்படுகிறார்.” – ஒரு வாசகி

தம்ளரையும் துணியையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள். தம்ளர் விஷயம் பெரும்பாலும் தானாகக் கடந்துபோகும். துணி விஷயம் அப்படிப் போகாது.

முதலில் தம்ளர். மூன்று வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் தான் ஆணா பெண்ணா என்று சொல்லக் கற்றுக்கொள்கிறார்கள். ஆனால் அது மாறாத ஒன்று என்ற தெளிவு வர இன்னும் சில வருடங்கள் ஆகும். தலைமுடியை நீளமாக வளர்த்தால் பையன் பெண்ணாகிவிடுவானோ என்று நான்கு வயதுக் குழந்தைக்கு உண்மையிலேயே சந்தேகம் வரும். அதனால் கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களை இறுகப் பிடித்துக்கொள்கிறது. நிறம், உடை, முடி எல்லாம் அதற்குச் சட்டமாகிவிடும். மே லிங் ஹலிம், டயான் ரூபிள் குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், ஃப்ரில் வைத்த பிங்க் கவுன்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் சிறுமிகளையும், பெண்பிள்ளைச் சாயல் துளி இருந்தாலும் போட மறுக்கும் பையன்களையும் பார்த்தார்கள். அந்தப் பிடிவாதத்துக்கும் பெற்றோரின் விருப்பத்துக்கும் பெரிய தொடர்பு தெரியவில்லை. ஆகவே பழியை உங்கள் தலையில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

இன்னொரு ஆறுதலும் உண்டு. ஜெர்மனியில் டிரவுட்னர் என்ற ஆய்வாளரும் சகாக்களும், கிண்டர்கார்டன் குழந்தைகளைப் பத்து வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். ‘இது ஆணுக்கு மட்டும், அது பெண்ணுக்கு மட்டும்’ என்ற கறார் ஐந்து, ஆறு வயதில் உச்சத்துக்குப் போய், அடுத்த சில வருடங்களில் தளர்ந்தது. சின்ன வயதில் ரொம்பக் கறாராக இருந்தவர்களும் பின்னால் மற்றவர்களைப் போலத்தான் ஆனார்கள். உங்கள் மகன் இப்போது சரியாக அந்த உச்சியில் நிற்கிறான். தம்ளருக்காகச் சண்டை போட்டால் ‘இது பெரிய விஷயம் போல’ என்றுதான் அவனுக்குத் தோன்றும். “பால் எந்தத் தம்ளரிலும் பால்தான். உனக்கு எது வேண்டுமோ எடுத்துக்கோ” என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

சும்மா விடக்கூடாதது அவன் சொல்லும் வாக்கியத்தை. சூசன் கெல்மன் குழு 2004-இல், அம்மாக்களும் குழந்தைகளும் படப் புத்தகம் பார்த்துப் பேசியதைப் பதிவு செய்து ஆராய்ந்தது. அம்மாக்கள் ‘பெண் இதைச் செய்யக் கூடாது’ என்று சொன்னது மிகக் குறைவு. ஆனால் ‘பையன்கள் இப்படி’, ‘பெண்கள் அப்படி’ என்று மொத்தமாகப் பேசுவது சகஜமாக இருந்தது. குழந்தையே ஒரு கட்டுப்பெட்டிக் கருத்தைச் சொன்னபோது அதை மறுத்தவர்களும் குறைவு, பலர் ‘ம்’ கொட்டிப் போய்விட்டார்கள். நானும் கொட்டியிருக்கிறேன், அடுப்பில் ஏதாவது இருக்கும்போது வேறென்ன செய்வது! ஆனால் குழந்தைக்கு அந்த ‘ம்’ சம்மதமாகத்தான் கேட்கும்.

அதனால் பதிலைச் சின்னதாக, ஆளைச் சுட்டி வையுங்கள். “பொண்ணுங்களுக்கும் பையன்களுக்கும் எல்லாம் ஒண்ணுதான்” என்ற பொதுப் பேச்சு அவன் காதில் ஏறாது. “உன் பெரியப்பா சட்டை பிங்க்தானே, அவருக்குப் பிடிக்கும். உனக்கு நீலம் பிடிக்கும்” என்று சொல்லிப் பாருங்கள். நிறத்தை ஒரு கூட்டத்திடமிருந்து எடுத்து ஓர் ஆளின் விருப்பமாக்குகிறீர்கள். இதில் ஒரு வழுக்கலும் இருக்கிறது: ‘பெண்களும் ஆண்களுக்குச் சமமாகக் கணக்குப் போடுவார்கள்’ என்ற மாதிரிப் பாராட்டைக் கேட்டவர்கள், ஆண்கள்தான் இயல்பிலேயே கெட்டி என்று எடுத்துக்கொண்டதாக 2018-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. யாரை அளவுகோலாக வைக்கிறோம் என்பதைக் கேட்பவர் மனம் பிடித்துக்கொள்கிறது.

இப்போது துணிக்கு வருகிறேன். கனடாவில் அலிசா கிராஃப்ட் குழு, 7 முதல் 13 வயது வரையுள்ள 326 பிள்ளைகளையும் அவர்கள் பெற்றோரையும் விசாரித்து, 2014-இல் முடிவுகளை வெளியிட்டது. அப்பா வீட்டு வேலையில் எவ்வளவு பங்கெடுக்கிறாரோ அந்த அளவுக்கு மகள், வழக்கமான ‘பெண் வேலை’களுக்கு வெளியேயும் தன் எதிர்காலத்தைப் பார்த்தாள். அப்பா சமத்துவத்தை நம்புகிறாரா என்பதைக் கணக்கில் எடுத்த பிறகும், அவர் நடைமுறையில் செய்த வேலைக்குத் தனியாக ஒரு எடை இருந்தது. இது தொடர்பைக் காட்டும் ஆய்வுதான், காரணத்தை நிரூபிக்காது. இருந்தாலும் உங்கள் மகன் சொன்னதை யோசியுங்கள். ‘அது பொண்ணுங்க வேலை’ என்று அவன் சொல்லவில்லை. ‘அம்மா வேலை’ என்றான். பார்த்ததைத்தானே சொல்கிறான்?

ஒரு வாரம் இப்படிச் செய்து பாருங்கள். துணி மடிப்பது முழுக்க அப்பா பொறுப்பு. ‘அம்மாவுக்கு உதவி’ என்ற சொல்லே வேண்டாம், அந்தச் சொல்லே வேலையை உங்கள் பெயரில் எழுதிவிடுகிறது. அவர் உட்கார்ந்து, “காலுறை ஜோடி சேர்க்க ஆள் வேண்டும், வா” என்று மகனைக் கூப்பிடட்டும். வேலை ஐந்து வயதுக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும்: காலுறை, கைக்குட்டை, அவனுடைய டவுசர், அவ்வளவுதான். கோணலாக மடித்ததை அவன் கண்ணெதிரே பிரித்துத் திரும்ப மடிக்காதீர்கள். அதற்கு அடுத்த வாரம் வேறு வேலை, வேறு ஆள். அவன் “அது அப்பா வேலை” என்று சொல்ல ஆரம்பித்தால், ஆள்தான் மாறியிருக்கிறது, ‘ஒரு வேலை ஒருவருக்குத்தான்’ என்ற எண்ணம் மாறவில்லை என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் சுழற்றுங்கள்.

இப்படி வளர்ப்பதால் என்னதான் ஆகும்? குழந்தைகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, இருபது வருடம் இரண்டு விதமாக வளர்த்து யாரும் சோதித்ததில்லை. கிட்டத்தில் வருவது ஸ்வீடன் ஆய்வு (2017). பால்பேதம் காட்டாத ஒரு மழலையர் பள்ளியின் குழந்தைகளை, வழக்கமான பள்ளிக் குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். யார் பையன், யார் பெண் என்பதை இரு தரப்பும் ஒரே அளவுக்குக் கவனித்தன. ஆனால் முதல் பள்ளிக் குழந்தைகள், தெரியாத எதிர்பாலினக் குழந்தையோடு விளையாட அதிகம் விரும்பினார்கள், ‘இது அவனுக்குத்தான்’ என்ற முத்திரையும் குறைவாகக் குத்தினார்கள். சின்ன ஆய்வுதான். விளையாட இன்னும் நாலு பேர் கிடைப்பதும் லாபம்தானே.

உங்கள் மாமியாரின் பயத்துக்கு ஒரு பதில். அட்ரினல் சுரப்பிக் கோளாறினால் கருவிலேயே ஆண் ஹார்மோன் அதிகம் பட்ட பெண் குழந்தைகளை ஆராய்ந்திருக்கிறார்கள். பெற்றோர் பெண் பொம்மைகளையே அதிகம் ஊக்குவித்தும், அவர்கள் கார், லாரியைத்தான் நாடினார்கள். அதாவது, குழந்தையின் சாய்வு பொம்மையைத் தேர்ந்தெடுக்கிறது, பொம்மை குழந்தையை மாற்றிவிடுவதில்லை. அத்தையிடம் இதைச் சொல்லும்போது ஆய்வு, ஹார்மோன் எல்லாம் வேண்டாம். “குழந்தைக்குச் சோறு ஊட்டத் தெரிந்த அப்பாவாக வரட்டுமே அத்தை” என்று சொல்லிப் பாருங்கள்.

அப்புறம், சின்னவள். இரண்டரை வயதில்தான் பெண் குழந்தைகள் பிங்க் பக்கம் சாயத் தொடங்குகிறார்கள். அந்தத் தம்ளரை எங்கும் ஒளித்து வைக்காதீர்கள், கூடிய சீக்கிரம் அவள் கேட்பாள்.