ரீடார்கெட்டிங்கில் ஒரு விசாரணைக்கு 100 என்பது உண்மையான கணக்கா?

"என் பயிற்சி நிறுவனத்தின் இணையதளத்துக்கு மாதம் சுமார் 2,000 பேர் வருகிறார்கள். கூகுள் தேடல் விளம்பரத்துக்கு 18,000 செலவிட்டால் 45 விசாரணைகள் வருகின்றன. ஏற்கெனவே தளத்தைப் பார்த்துப் போனவர்களுக்கு ஃபேஸ்புக்கில் மீண்டும் காட்டும் விளம்பரத்துக்கு 3,000தான் செலவு, 30 விசாரணைகள். ஒன்றுக்கு 400 எங்கே, 100 எங்கே! முழுத் தொகையையும் ரீடார்கெட்டிங்குக்கு மாற்றிவிடலாமா?"

மாற்ற வேண்டாம். முதலில் உங்கள் படிவத்தில் வந்த பெயர்களை எண்ணிப் பாருங்கள். இரண்டு அறிக்கைகளையும் கூட்டினால் 75 வருகிறது. படிவத்தில் 58 பெயர்கள்தான் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மீதி 17 பேர் எங்கிருந்து வந்தார்கள்? ஒரே ஆளைக் கூகுளும் ஃபேஸ்புக்கும் தங்கள் கணக்கில் எழுதிக்கொண்டதுதான் பெரும்பாலும் காரணம். ஒருவர் தேடல் விளம்பரம் வழியாக வந்து, பக்கத்தைப் படித்துவிட்டுப் போகிறார். மாலையில் ஃபேஸ்புக்கில் உங்கள் விளம்பரம் அவர் கண்ணில் படுகிறது. அதை அவர் அழுத்தவில்லை. இரவில் தானாகவே திரும்பி வந்து படிவத்தை நிரப்புகிறார். ஃபேஸ்புக்கின் வழக்கமான அமைப்பில், விளம்பரத்தை அழுத்திய 7 நாட்களுக்குள் வந்த விசாரணையோடு, வெறுமனே பார்த்த 1 நாளுக்குள் வந்ததும் சேர்த்தே எண்ணப்படும். கூகுளும் அவரை விடாது. ஆகவே உங்கள் முதல் நேர்மையான எண், மொத்தச் செலவு 21,000-ஐ 58-ஆல் வகுத்தால் கிடைக்கும் 362.

அந்த எண்ணும் ரீடார்கெட்டிங்கின் பலனைத் தனியே காட்டாது. தளத்துக்கு வந்து ஆர்வம் காட்டியவர்களில் ஒரு பகுதியினர் விளம்பரமே இல்லாவிட்டாலும் திரும்பி வந்து விசாரிப்பார்கள். அவர்களை நீக்கிவிட்டு, விளம்பரத்தால் மட்டும் கூடுதலாக வந்தவர்கள் எத்தனை பேர் என்பதே கேள்வி. விடை காண நான் பரிந்துரைப்பது, வருபவர்களைச் சீட்டுப் போட்டதுபோல இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் விளம்பரம் காட்டுவது. உங்கள் இணையதளத்தில் இருக்கும் ஃபேஸ்புக்கின் கண்காணிப்பு நிரலான பிக்சலுக்குக் கீழே இந்த வரிகளைச் சேர்த்தால் போதும்:

```
let g = localStorage.getItem("grp");
if (!g) {
  g = Math.random() < 0.5 ? "A" : "B";
  localStorage.setItem("grp", g);
}
if (g === "A") fbq("trackCustom", "ShowAds");
```

விளம்பரம் காட்டும் பட்டியலை `ShowAds` என்ற நிகழ்வைக் கொண்டு மட்டும் உருவாக்குங்கள். படிவத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு புலம் வைத்து, `g` மதிப்பு ஒவ்வொரு விசாரணையோடும் பதிவாகும்படி செய்யுங்கள். ஏற்கெனவே விசாரித்தவர்களை விளம்பரப் பட்டியலிலிருந்து விலக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் அவர்களுக்கு விளம்பரம் காட்டவும் பணம் போகும். கண்காணிப்புக்குப் பார்வையாளரின் ஒப்புதல் சட்டப்படி தேவைப்படும் இடங்களில், அது கிடைத்த பிறகே இந்த நிரல் ஓட வேண்டும்.

பாதிப் பேருக்குத்தான் விளம்பரம் என்பதால் செலவையும் மாதம் 1,500 ஆகக் குறையுங்கள். நான்கு மாதத்தில் 8,000 பேர் வந்து, குழுவுக்கு 4,000 ஆகப் பிரிந்தார்கள் என்போம். A குழுவில் 116 விசாரணைகள், B குழுவில் 84. வேறுபாடு 32. செலவு 6,000-ஐ 32-ஆல் வகுத்தால் ஒரு கூடுதல் விசாரணைக்குச் சுமார் 188. ஃபேஸ்புக் அறிக்கையோ அதே காலத்துக்கு 60 விசாரணைகள், ஒன்றுக்கு 100 என்று காட்டியிருக்கும்.

இந்த 32 தற்செயலாக வந்ததாகவும் இருக்கலாம் அல்லவா? அதற்கு எளிய சோதனை உண்டு. இரு குழுக்களின் விசாரணைகளையும் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, இரண்டால் பெருக்குங்கள். 200-க்கு அது சுமார் 28. வேறுபாடு அதைவிடக் குறைவாக இருந்தால் முடிவு எடுக்காதீர்கள். சோதனையை இன்னும் சில வாரம் நீட்டுங்கள். ஒரு மாதத்தில் முடித்துவிடலாம் என்று நான் சொல்லாததற்குக் காரணம் இதுதான். கைப்பேசியில் பார்த்துவிட்டு மடிக்கணினியில் விசாரிப்பவர் இரண்டு குழுக்களிலும் விழக்கூடும். அதனால் வேறுபாடு உண்மையில் இருப்பதைவிடக் கொஞ்சம் சிறிதாகவே தெரியும்.

188 என்று வந்தால் ரீடார்கெட்டிங்கைத் தொடருங்கள். அது நல்ல விலைதான். ஆனால் தேடல் விளம்பரத்தின் 18,000-ஐ அங்கே நகர்த்தினால் அந்த விலை நிற்காது. பட்டியலில் ஆட்களைச் சேர்ப்பதே தேடல் விளம்பரம்தான். பட்டியலை 30 நாள் வரம்புடன் வைத்திருக்கிறீர்கள் என்றால், தேடலை நிறுத்திய 30 நாளில் அந்த வழியாக வந்து மீண்டும் தளத்துக்கு வராதவர்கள் எல்லோரும் அதிலிருந்து உதிர்ந்துவிடுவார்கள். மிச்சம் இருக்கும் சிலருக்கே அதே விளம்பரம் திரும்பத் திரும்பப் போகும். விளம்பர அறிக்கையில், ஒருவருக்குச் சராசரியாக எத்தனை முறை விளம்பரம் போனது என்று சொல்லும் 'Frequency' என்ற நெடுவரிசையைப் பாருங்கள்: அந்த எண் வாரத்துக்கு வாரம் ஏறி, படிவத்தில் வரும் விசாரணைகள் மட்டும் ஏறாமல் நின்றால், 3,000-க்கு மேல் போடும் பணம் புதிதாக யாரையும் அழைத்து வரவில்லை.