டிரையர் ஆடுது, மூடியைத் திறந்தும் நிக்கல: மோட்டாரைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: எங்க வீட்டு ட்வின் டப் மெஷின்ல டிரையர் ஓடும்போது டம டமன்னு அடிச்சு இடத்தை விட்டே நகர்ந்து வருது. மூடியைத் திறந்தாலும் ரொம்ப நேரம் சுத்திக்கிட்டே இருக்கு. துணி நல்லா வெளுக்கணும்னு வாஷ் டைமரை எப்பவும் 15லதான் வைப்போம். மெக்கானிக் டிரையர் மோட்டாரை மாத்தணும்னு சொல்லுதாரு. மாத்தணுமா?

பதில்:

மோட்டாரை இப்போதைக்குத் தொட வேண்டாம். மூடியைத் திறந்த பிறகும் தொட்டி சுற்றுகிறது என்றால் மோட்டார் அதை நல்ல வேகத்துக்குக் கொண்டுபோயிருக்கிறது என்று அர்த்தம். நிறுத்த வேண்டிய பிரேக்தான் பிடிக்கவில்லை. பாளையங்கோட்டையில் இந்த மாதிரி மெஷின்களைப் பழுது பார்ப்பது என் தொழில். நீங்கள் சொன்ன மூன்றும் பெரும்பாலும் ஒன்றிலிருந்து ஒன்று வருபவை. தொடக்கம் அந்த 15தான்.

முதலில் பிரேக். டிரையர் மூடியைத் திறந்தால் இரண்டு காரியம் நடக்கும். மூடிக்குக் கீழே இருக்கும் சுவிட்ச் மோட்டாருக்குப் போகும் கரண்டை நிறுத்தும். அதே நேரத்தில் மூடியோடு இணைந்த ஒரு கம்பி தளரும். தளர்ந்ததும் கீழே ஒரு ஸ்பிரிங், பிரேக் ஷூவை மோட்டார் தலையில் இருக்கும் டிரம்மில் அழுத்திப் பிடிக்கும். மூடியைச் சாத்தினால் கம்பி இழுபட்டு ஷூ விலகும். அதாவது பிடிப்பது ஸ்பிரிங், விடுவிப்பது கம்பி. அதனால்தான் கம்பி அறுந்துபோன மெஷினில் பிரேக் எப்போதும் பிடித்தபடியே இருந்து, தொட்டி சுற்றாமல் மோட்டார் 'ம்ம்ம்' என்று உறுமும். கம்பி பாதி தளர்ந்தால் ஷூ உரசிக்கொண்டே ஓடும், தீய்ந்த வாடை வரும். உங்களுடையது இதற்கு நேர்மாறு. ஷூ டிரம்மைத் தொடவில்லை, அல்லது தொட்டும் வழுக்குகிறது.

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மூடியைத் திறந்து வைத்து, தொட்டியைக் கையால் திருப்பிப் பாருங்கள். கையோடு லேசாகச் சுற்றினால் ஷூ தொடவே இல்லை. கம்பி அதிகமாக இழுத்துக் கட்டியிருக்கும், இல்லையென்றால் ஸ்பிரிங் துருப்பிடித்துப் போயிருக்கும். ஓரளவு பிடித்துப் பிடித்துச் சுற்றினால் ஷூ தேய்ந்திருக்கிறது, அல்லது நனைந்திருக்கிறது. நனைந்திருப்பதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

எப்படி நனையும்? சுற்றும் தொட்டியின் அடியில் தண்டு இறங்கும் இடத்தில் ஒரு ரப்பர் சீல் உண்டு. தொட்டி கோணலாக ஆட ஆட, தண்டு அந்த சீலை ஒரு பக்கமாகவே தின்றுவிடும். அப்புறம் சோப்புத் தண்ணீர் நேராக பிரேக் டிரம் மேல் சொட்டும். அதே தண்ணீர் மோட்டாருக்கும் போகும் என்பதால், இப்படியே விட்டால் மெக்கானிக் சொன்னது ஒருநாள் உண்மையாகிவிடும்.

வீரவநல்லூர்ப் பக்கம் ஒரு வீட்டில் உங்கள் கேஸ் அப்படியே வந்தது. "அண்ணாச்சி, மோட்டார் போச்சுன்னு சொல்லிட்டாவ, பாத்துச் சொல்லுங்க" என்றார் அந்த அக்கா. மெஷின் புறவாசலில், தண்ணீர் ஓடுவதற்காகச் சாய்வாகப் போட்ட சிமெண்டுத் தரையில் நின்றது. நாலு காலும் ஊன்றும்படி ஒரு பக்கம் கட்டை கொடுத்துவிட்டு, முதலில் காலித் தொட்டியை ஓட்டினேன். ஆட்டமே இல்லை. காலியாக ஓடும்போதே அடித்திருந்தால் மோட்டாரைத் தாங்கும் ஸ்பிரிங்குகளில் ஒன்று உடைந்திருக்கும், அல்லது தண்டு வளைந்திருக்கும். காலியில் ஒழுங்காக ஓடி, துணி போட்டால் ஆடுகிறது என்றால் கோளாறு துணியை அடுக்கியதில்தான்.

அடுத்து, ஹோஸைக் கீழே போட்டு, பிளக்கைப் பிடுங்கி, ஒரு செம்புத் தண்ணீரை டிரையர் தொட்டியில் ஊற்றிவிட்டுப் பின்பக்கம் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். தண்ணீர் ஹோஸ் வழியாக மட்டும்தான் போக வேண்டும். அங்கே மோட்டார் தலையிலும் சொட்டியது. சீலை மாற்றி, டிரம்மையும் ஷூவையும் நன்றாகத் துடைத்துக் காயவிட்டதும் பிரேக் பிடித்துக்கொண்டது. மோட்டார் பழசேதான்.

ஆனால் துணி ஏன் கோணலாக உட்கார்ந்தது? அன்று வாஷ் தொட்டியில் கிடந்ததைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. இரண்டு நூல் சேலை, ஒரு எட்டு முழ வேட்டி, ஒரு துண்டு, எல்லாம் சேர்ந்து தேர் வடம் மாதிரி முறுக்கிக்கொண்டு கிடந்தன. அங்கேயும் டைமர் 15தான், அதுவும் ஸ்ட்ராங்கில். அந்த உருண்டையைப் பிரிக்காமல் அப்படியே தூக்கி டிரையரில் போட்டால் கனம் முழுக்க ஒரே பக்கம்தான் போகும்.

வாஷ் டைமர் வெறும் கடிகாரம் இல்லை. அடியில் இருக்கும் சக்கரத்தை ஒரு பக்கம் கொஞ்சம் சுற்றவிட்டு, நிறுத்தி, மறுபக்கம் திருப்புவதும் அதுதான். திருப்பிச் சுற்றும்போது முறுக்கு கொஞ்சம் அவிழும். பல மாடல்களில் ஸ்ட்ராங் வைத்தால் ஒரே பக்கமாகவே சுற்றும், முறுக்கு ஏறிக்கொண்டே போகும். நார்மலில் வைத்தாலும் நேரம் கூடக்கூட நீளத் துணி ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். வெளுப்பதற்கு நேரத்தைக் கூட்டுவதை விட, சோப்பில் அரைமணி நேரம் ஊறவைப்பது மேல். ஊறிய பிறகு சட்டை, துண்டு, பனியனுக்கு 6 முதல் 8 நிமிடம் போதும். சேலை வேட்டியைத் தனியாக, 3 அல்லது 4 நிமிடம், நார்மலிலோ சாஃப்ட்டிலோ போடுங்கள். 15 நிமிடம் என்பது வயல் சேறு படிந்த கைலிக்கும் பேண்ட்டுக்கும்.

டைமரைப் பற்றி இன்னொன்று. நிறைய மெஷின்களில் இது சாவி கொடுத்த ஸ்பிரிங்கில் ஓடுவது. கரண்ட் போனாலும் 'கிர்ர்' என்று ஓடிக்கொண்டே இருக்கும், துணி மட்டும் சும்மா கிடக்கும். கரண்ட் போன நேரத்தைக் கணக்கில் கொள்ளாமல் 'சரியா வெளுக்கல' என்று மறுபடி 15 வைக்கிறவர்களும் உண்டு. பாதியில் குறைக்கத் தோன்றினால் அதை வலுக்கட்டாயமாகப் பின்னால் திருகாதீர்கள், உள்ளே பல் போய்விடும்.

டிரையரில் போடும்போது ஒவ்வொரு துணியாக உதறிப் பிரித்து, கனமானதை அடியில், சுவரை ஒட்டிச் சுற்றிலும் வையுங்கள். வாஷில் போட்டதெல்லாம் டிரையரில் ஒரே ஈடாகக் கொள்ளாது, இரண்டு ஈடாகப் போடுங்கள். போர்வை ஒன்றைத் தனியாகப் போட்டால் கட்டாயம் ஆடும். எதிர்ப்பக்கம் ஈரத் துண்டு ஒன்று வைத்தால் சமமாகும். மேலே வைக்கும் பிளாஸ்டிக் தட்டைக் கண்டிப்பாக அழுத்தி வையுங்கள். நிறைய வீட்டில் அது சோப்பு டப்பாவுக்கு மூடியாக இருக்கிறது! ஓடத் தொடங்கியதும் அடித்தால் உடனே நிறுத்தி, திரும்ப அடுக்குங்கள். 'வேகம் பிடிச்சா சரியாயிடும்' என்று விடுவதுதான் சீலைக் கெடுக்கிறது.

பிரேக் சரியாகும் வரை ஓட்டவே வேண்டாம். மூடியைத் திறந்து 15 வினாடிக்குள் தொட்டி நிற்கவில்லை என்றால் அந்த டிரையர் ஆபத்தானது. சுற்றும் துணியில் விரல் மாட்டினால் இழுத்து முறுக்கிவிடும், வீட்டில் குழந்தை இருந்தால் கேட்கவே வேண்டாம். மூடி சுவிட்சை நேரடியாக இணைத்துத் தருகிறேன் என்று மெக்கானிக் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

பின்பக்கத்தை நீங்களே கழற்ற வேண்டாம். பிளக்கைப் பிடுங்கினாலும் கெபாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்கலாம். அவரிடம் சீலையும், ஷூவையும், கம்பியையும் உங்கள் கண்முன்னே காட்டச் சொல்லுங்கள். பிரேக் விலகி, தொட்டி கையில் லேசாகச் சுற்றி, கெபாசிட்டரும் புதிதாகப் போட்டு, வோல்டேஜும் சரியாக இருந்து, அப்புறமும் சுற்றாமல் உறுமினால் மோட்டாரைப் பற்றிப் பேசலாம்.