வரி முடிவில் உடைந்த சொற்கள்: கேள்வி பதில்

கொக்குவில்: அண்ணை, ஸ்கேன் செய்த புத்தகத்தில் வரி முடிவில் உடைந்த சொற்களை ஒட்டப் பைதனில் `(\w)-\n(\w)` போட்டேன். சில சொல் ஒட்டுது, கனக்க ஒட்டவில்லை. ஓசிஆர் பிழையோ?

ஓசிஆரை விடுங்கள் தம்பி. "மர-", "பு" ஒட்டியிருக்கும். "கல்-", "லூரி" ஒட்டியிராது. "யாழ்ப்-", "பாணம்" என்பதும் அப்படியே. பைதனின் `re` இல் `\w` எழுத்தையும் இலக்கத்தையும் பிடிக்கும். புள்ளியையும் கால், கொம்பு முதலியவற்றையும் பிடிக்காது. தமிழ்ச் சொல் உடையும் இடத்தில் பெரும்பாலும் நிற்பவை அவைதான். இப்படிப் போடுங்கள்:

```
re.sub(r'([\u0B80-\u0BFF])-[ \t]*\n[ \t]*([க-ஹ])', r'\1\2', t)
```

"1956-", "58" இதில் அகப்படாது. அதற்குத் தனி வரி எழுதி, கோட்டை வைத்துக்கொண்டு வரி உடைப்பை மட்டும் எடுங்கள். மூலக் கோப்பின் மேல் எழுதிவிடாதீர்கள்.

மானிப்பாய்: வேர்டில் `-^p` ஐத் தேடி வெறுமையாக மாற்றினால் சரிதானே?

மாற்றியாயிற்றா? அப்படியென்றால் 195658 என்று ஓர் ஆண்டு உள்ளே இருக்கும். மூலக் கோப்பு இருக்கிறதுதானே?

நல்லூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்: சொல்லின் நடுவே உயிரெழுத்து வராது. அடுத்த வரி உயிரில் தொடங்கினால் கோடு உண்மையானது. மற்றதெல்லாம் உடைந்த சொல். விதி இவ்வளவுதான்.

முதல் பாதி சரி, சேர். செய்யுளின் அளபெடையை விட்டால் நம்பலாம். மேலே `[க-ஹ]` என்று வைத்தது அதற்காகத்தான். இல்லையென்றால் "இலங்கைஇந்திய ஒப்பந்தம்" வந்திருக்கும். மற்றப் பாதி 1957 இல் இடறும். "பண்டாரநாயக்க-" என்று ஒரு வரி முடிந்து, அடுத்தது "செல்வநாயகம் ஒப்பந்தம்" என்று தொடங்கினால் உங்கள் விதி இருவரையும் ஒரே ஆளாக்கிவிடும். மேலே நான் தந்த கட்டளையும் ஆக்கும்.

ஆகவே ஒட்டுமுன் அதே புத்தகத்தில் வரி நடுவே தேடுவேன். "கல்லூரி" கோடில்லாமல் கிடைக்கும், ஒட்டலாம். "பண்டாரநாயக்க-செல்வநாயகம்" கோட்டோடு கிடைக்கும், கோடு நிற்கட்டும். இரண்டும் கிடைக்காவிட்டால் அடையாளம் போட்டுவிட்டுப் பக்கத்தின் படத்தைப் பார்ப்பேன்.

அதே ஆசிரியர்: கோடே ஆங்கில வழக்கு. எல்லாவற்றையும் எடுத்து இடைவெளி விடலாமே?

அது புத்தகத்தைத் திருத்துவது, சேர். அச்சில் இருந்ததை எழுதுவதுதான் எங்கள் வேலை.

சுன்னாகம்: ஒரே புத்தகம் "சமூக-பொருளாதார" என்றும் "சமூகபொருளாதார" என்றும் அச்சிட்டிருந்தால்? என்னிடம் அப்படி ஒன்று இருக்கிறது.

அங்கே என் முறையும் நின்றுவிடும். நான் கோட்டை வைப்பேன், பிறகு எடுப்பது சுலபம். ஆசிரியர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

அதே ஆசிரியர்: ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சரி.

பருத்தித்துறை: என்னுடைய பழைய பதிப்பில் கோடே இல்லை, சொல் பாதியில் நிற்கிறது.

அடுத்த வரி புள்ளி வைத்த எழுத்திலோ ண, ள, ழ, ற, ன வரிசையிலோ தொடங்கினால், அது "ஸ்ரீ", "றோட்டு" போன்ற பிறமொழிச் சொல் இல்லையென்றால், தயங்காமல் ஒட்டுங்கள் அக்கா. தமிழ்ச் சொல் அவற்றில் தொடங்காது. மிச்சத்துக்கு வாசிக்கத்தான் வேண்டும்.

சாவகச்சேரி: என் ஸ்கேனில் எழுத்து மங்கல், கோடு புள்ளியாக வருகிறது.

முதலில் திரும்ப ஸ்கேன் செய்யுங்கள். ஒட்டுவது பிறகு.

உரும்பிராய்: வேர்டில் `-^p` போட்டால்…

மானிப்பாய்க்குச் சொன்னதைப் பாருங்கள்.